அலமாரியோடு விற்கக் கூடாதவை

சிற்றூர் ஒன்றில் பல்லாண்டுகள் கிளினிக் நடத்திய மருத்துவர் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடத்தையும் மேசை, கட்டில், அலமாரியையும் இளம் மருத்துவர் ஒருவர் வாங்குகிறார். அலமாரியிலுள்ள நோயாளிகளின் கார்டுகளும் பேரத்தில் அடங்கிவிடுகின்றன. புதியவருக்குத் தொழில் கிடைக்கும், நோயாளிக்குச் சிகிச்சை தொடரும். இதில் என்ன தவறு என்றுதான் தோன்றும்.

அந்த அடுக்கில் ஒரு மருமகளின் கார்டு இருக்கிறது. அவர் காப்பர் டி பொருத்திக்கொண்டது மாமியாருக்குத் தெரியாது. புதிய மருத்துவரோ மாமியாரின் தம்பி மகன். அவர் வாய் திறக்காதவராகவே இருக்கலாம். ஆனால் யாரிடம் சொல்வது என்பதை முடிவு செய்தவர் அந்தப் பெண். கார்டின் காகிதம் மருத்துவருடையது. அதில் எழுதியிருப்பதை அவர் விலை பேச முடியாது. எச்ஐவி தொற்று உள்ளவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மற்ற நோய்களில் மட்டும் சம்மதம் ஏன் தேவையற்றுப் போக வேண்டும்?

எதிர்வாதமும் வலுவானது. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அவர் வரும் நாளில் கதவு பூட்டியிருந்து, மாத்திரையும் தீர்ந்துபோனால், திடீரென நின்ற மருந்தாலேயே வலிப்பு அடுத்தடுத்து வரக்கூடும். ரகசியம் காத்ததாகச் சொல்லி இவரைக் கைவிட முடியுமா? தகுந்த முன்னறிவிப்பின்றி நோயாளியை விட்டு விலகக் கூடாது என்கின்றன இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகள்.

இரண்டுக்கும் ஈடுகொடுப்பது நேரம்தான். வாசலில் ஒட்டும் நோட்டீஸ் அடிக்கடி வருபவருக்குப் போதும். அரிதாக வருபவருக்குப் போதாது. எனவே மூன்று மாதம் முன்பே அடுக்கைப் புரட்டி, மருந்தை நிறுத்தினால் ஆபத்து என்றிருப்பவர்களை முதலில் பொறுக்கி, தனித்தனியே போனில் அழைக்க வேண்டும். வேறு யாராவது எடுத்தால் கிளினிக் மூடப்போகிறது, நேரில் வரச் சொல்லுங்கள் என்பதோடு நிறுத்த வேண்டும். வருபவரிடம் நோய், மருந்தின் மூலப்பெயரும் அளவும், ஒவ்வாமை, கடைசிப் பரிசோதனை முடிவு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். புதியவரிடம் போவதா, அரசு மருத்துவமனைக்கா என்பது அவர் முடிவு. புதியவரிடம்தான் என்றால், கையெழுத்து வாங்கிக்கொண்டு அந்தக் கார்டின் நகலை மட்டும் அனுப்பலாம்.

வராதவர்களின் கார்டுகள்தான் சங்கடம். அதே விதிகள் உள்நோயாளிகளின் பதிவேடுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கின்றன. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவும் சொல்கின்றன. புறநோயாளிக் கார்டுக்கும் அதே காலத்தைக் கடைப்பிடிப்பது நியாயம். அதுவரை அவை மருத்துவர் வீட்டில் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். பழைய தொலைபேசி எண்ணும் உயிரோடு இருக்க வேண்டும். காலம் முடிந்தபின் கிழித்தோ எரித்தோ அழிப்பது மருத்துவரின் கடைசி வேலை. அவற்றைப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டால், மருமகளின் கார்டில் யாரோ வடை மடித்துத் தருவார்கள்.