நாற்பது நாள்: கட்டளையா, எல்லையா?

கரு கலைந்த ஒரு பெண்ணுக்குப் பத்தாம் நாளில் உதிரம் நின்று விடுகிறது. அவள் குளித்துத் தொழ எழுகிறாள். “இன்னும் முப்பது நாள் இருக்கிறதே! பேணுதலாக இருந்து கொள், நாற்பது கழியட்டும்” என்கிறார் வீட்டிலுள்ள பெரியம்மா. கேட்பதற்குப் பக்தியான பேச்சாகத்தான் இருக்கிறது. ஆனால் இதனுள்ளே ஒரு கேள்வி மறைந்திருக்கிறது. அல்லாஹுதஆலா கடமையாக்கிய தொழுகையை, அவனே தள்ளுபடி செய்யாத நாட்களில் விட்டுவிடுவது பேணுதலாகுமா? மார்க்கம் வகுத்த எல்லையை நாமாக நீட்டிக்கொள்ள நமக்கு உரிமை உண்டா?

இதற்கு விடை காண, கரு கலைந்தபின் உடலில் நடப்பது என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மார்க்கச் சட்டம் உதிரத்தைப் பார்த்தே பேசுகிறது. நாட்காட்டியைப் பார்த்து மட்டும் பேசுவதில்லை.

கருவைத் தாங்குவதற்காகக் கருப்பையின் உட்சுவரில் மெத்தை போன்ற ஒரு படலம் வளர்ந்திருக்கும். கரு நிலைக்காமல் போனதும் அந்தப் படலம் கழன்று உதிரத்தோடு வெளியேறுகிறது. இரண்டு மூன்று மாதக் கருவானால், முதல் ஓரிரு நாட்கள் வழக்கமான மாதவிலக்கைவிட அதிகமாக, கட்டிகளோடும் வயிற்று வலியோடும் போகும். பிறகு நாளுக்கு நாள் குறைந்து, சிவப்பு மங்கிப் பழுப்பாகி, பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் நின்றுவிடும். மருத்துவமனையில் கருப்பையைச் சுத்தம் செய்தவர்களுக்கு இன்னும் குறைவாகவே போகலாம். மாத்திரையால் கரு வெளியேறியவர்களுக்குச் சொட்டுச் சொட்டாக ஒரு மாதம் வரைகூட நீளலாம்.

இதற்குப் பிறகு வருவதுதான் உண்மையான மாதவிலக்கு. கருவினால் உடலில் ஏறியிருந்த சுரப்பு நீர்கள் வடிந்து, சினைமுட்டை மறுபடி முதிர்ந்து, அதன் பின்னரே அது வரும். பெரும்பாலும் கரு வெளியேறியதிலிருந்து நான்கு முதல் ஆறு வாரத்திற்குள் வந்துவிடும். முதல் முறை வழக்கத்தைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கலாம். பழைய ஒழுங்கு திரும்ப இரண்டு மூன்று மாதம் பிடிக்கலாம். ஆகவே கரு கலைந்த பின் நாம் காண்பது ஒரே உதிரமல்ல. கருவோடு சேர்ந்த உதிரம் ஒன்று. சில வாரம் கழித்து வரும் மாதவிலக்கு மற்றொன்று. நடுவில் இருப்பது சுத்தமான காலம். நாற்பது நாள் என்று ஒரே கோடாகக் கிழித்து விடுகிறவர்கள் இந்தச் சுத்தமான காலத்தைத்தான் விழுங்கி விடுகிறார்கள்.

இனி ஃபிக்ஹுச் சட்டத்துக்கு வருவோம். ஷாஃபிஈ மத்ஹபில் கரு உறைந்த கட்டியாக (அலகா) அல்லது சதைத் துண்டாக (முழ்கா) வெளிப்பட்டு, அது மனிதப் படைப்பின் மூலம்தான் என்று விவரமறிந்த மருத்துவச்சிகள் சொல்வார்களானால், அதன்பின் வரும் உதிரம் நிஃபாஸ், அதாவது பேறுகாலத் தொடக்காகும். அதன் குறைந்த அளவு ஒரு கணம். பெரும்பாலோருக்கு நாற்பது நாள். அதிக அளவு அறுபது நாள். குறைந்த அளவு ஒரு கணம் என்பதைச் சகோதரிகள் கவனிக்க வேண்டும். நாற்பது என்பது பெரும்பாலோர் நிலையைச் சொல்வதே தவிர, ஒவ்வொருவரும் இருந்தே தீர வேண்டிய கெடு அல்ல. நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் பேறுகாலப் பெண்கள் நாற்பது நாள் இருந்தார்கள் என்று உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதையும் உதிரம் நீடித்த நிலைக்கே அறிஞர்கள் பொருத்துகிறார்கள். முன்னதாகச் சுத்தமானவள் குளித்துத் தொழ வேண்டும் என்பதில் இமாம்களிடையே பிணக்கில்லை.

ஓர் உதாரணத்தை நாள் கணக்கோடு பார்ப்போம். ஷாஃபிஈ குடும்பத்துப் பெண் ஒருத்திக்கு ஒன்பதாவது வாரத்தில், ரஜப் பிறை 5-இல் கரு வெளியேறியது என்று வைத்துக்கொள்வோம். உதிரம் பிறை 14 வரை பத்து நாள் போனது; பிறகு பஞ்சு வைத்துப் பார்த்தால் சுத்தமாக வந்தது. ரஜப் முப்பது நாள். ஷஅபான் பிறை 7-இல் மறுபடி சிவந்த உதிரம் வந்து, பிறை 14 வரை எட்டு நாள் இருந்தது.

முதல் பத்து நாள் நிஃபாஸ். ரஜப் 15 முதல் ஷஅபான் 6 வரை இருபத்திரண்டு நாள் சுத்தம். இந்த மத்ஹபில், அறுபது நாளைக்குள்ளேயே என்றாலும், நடுவில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ சுத்தமாக இருந்து பிறகு வரும் உதிரம் நிஃபாஸல்ல. அது ஹைளு, மாதவிலக்கு. ஆகவே ஷஅபானில் வந்த எட்டு நாளும் ஹைளு. மருத்துவக் கணக்கும் இதற்கு ஒத்து வருகிறது. முப்பத்து மூன்றாம் நாளில் வந்தது நான்கு வாரத்துக்கும் ஆறு வாரத்துக்கும் இடைப்பட்ட முதல் மாதவிலக்குத்தான்.

இவள் பெரியம்மாவின் பேச்சைக் கேட்டிருந்தால்? ரஜப் 5 முதல் நாற்பதாம் நாள் சரியாக ஷஅபான் 14-இல் வந்து முடிகிறது. “பார்த்தாயா, நாற்பதில் நின்றுவிட்டது” என்று வீட்டார் மகிழ்ந்துகூடப் போயிருப்பார்கள். ஆனால் நடுவிலுள்ள இருபத்திரண்டு நாளில் நூற்றுப்பத்து வக்துத் தொழுகை போயிருக்கும். நிஃபாஸிலும் ஹைளிலும் விட்ட தொழுகைக்குக் களா இல்லை. இந்த நூற்றுப்பத்துக்கும் களா உண்டு.

அந்த உதிரம் பதினைந்து நாளுக்கு முன்பே, பத்து நாள் சுத்தத்துக்குப் பிறகு திரும்பியிருந்தால் அது நிஃபாஸின் தொடர்ச்சி. இடையில் சுத்தம் கண்டபோது அவள் குளித்துத் தொழுதது சரியே; தெரிந்ததைக் கொண்டு நடந்தாள், அவள் மீது குற்றமில்லை. அந்நாட்களில் பர்ளான நோன்பு வைத்திருந்தால் அதை மட்டும் களாச் செய்வாள்.

ஹனஃபி குடும்பத்தார் வேறொன்றைப் பார்க்க வேண்டும். வெளிவந்த கருவில் விரல், நகம், முடி போன்ற ஓர் உறுப்பாவது தெரிந்தால்தான் அவர்களிடத்தில் உதிரம் நிஃபாஸாகும். அதன் அதிக அளவு நாற்பது நாள். நாற்பதுக்குள் நின்று திரும்பி வருவதும் நிஃபாஸே. உறுப்புத் தெரியாத இளங்கருவானால், முன்பு பதினைந்து நாள் சுத்தம் இருந்து, உதிரம் மூன்று நாளுக்குக் குறையாதிருந்தால் அது ஹைளு. பத்து நாளே அதன் எல்லை. நம் உதாரணத்துப் பெண் ஹனஃபியாக இருந்தாலும் அந்த இருபத்திரண்டு நாளில் தொழத்தான் வேண்டும்.

சுத்தத்தை அறிவது எப்படி? பழுப்பு நிறத்தைக் கண்டு அவசரப்பட வேண்டாம். கெடுவுக்குள் அதுவும் உதிரத்தின் சட்டமே. பஞ்சு வெள்ளையாக அல்லது கறையின்றி வந்தால் சுத்தம். அவசரப்பட்டு முந்துவதும் தவறு. சுத்தமான பின் தாமதிப்பதும் தவறு. கணவன் மனைவி உறவும் உதிரம் நின்று குளித்த பிறகே. கிருமி தொற்றாதிருக்க உதிரம் நிற்கட்டும் என்றுதான் மருத்துவர்களும் சொல்கிறார்கள். முதல் மாதவிலக்கு வருமுன்பே, இரண்டு வாரத்திலேயே சினைமுட்டை வெளிப்படலாம். ஆகையால் மாதவிலக்கைக் காணாமலே மறுபடி கருத்தரிப்பதும் உண்டு.

எல்லையைக் கட்டளையாக எண்ணுவதால் இன்னொரு கேடும் விளைகிறது. தொழுகையைவிட உயிரையே தொடுவது அது. “அறுபது நாள் வரை உதிரம் போகலாம் என்று கிதாபில் இருக்கிறதே” என்று சில வீடுகளில் பெண்ணைப் படுக்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கிதாபு சொல்வது, அதுவரை தொழுகை கடமையில்லை என்பதை. அதுவரை போவது நலம் என்று அது சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு. பெரிய நாப்கின்கள் மணிக்கு இரண்டாக, தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்துபோனால் அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம். அது மூன்றாம் நாளானாலும் சரி, முப்பதாம் நாளானாலும் சரி. குறைந்து வந்த உதிரம் மறுபடி பெருகுவது, துர்நாற்றம், காய்ச்சல், தணியாத வயிற்று வலி, மயக்கம் இவையும் அப்படியே. கருவின் மிச்சம் உள்ளே தங்கியிருக்கலாம், கிருமி தொற்றியிருக்கலாம்.

எட்டு வாரமாகியும் மாதவிலக்கு வராவிட்டாலும் மருத்துவரைக் காண வேண்டும். மறு கர்ப்பமாக இருக்கலாம். கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்தவர்களில் சிலருக்கு உட்சுவர் ஒட்டிக்கொண்டு, மாதந்தோறும் வலி வந்தும் உதிரம் வராதிருக்கலாம். வீட்டில் செய்யும் சிறுநீர்ச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். கரு கலைந்து சில வாரம் வரை பழைய கருவினாலேயே அது கர்ப்பம் என்று காட்டும்.

கருவைத் தாமாகக் கலைத்தவர்களின் நிலை என்ன? கலைத்தது ஆகுமா ஆகாதா என்பது தனியான, பெரிய விஷயம். உதிரத்தின் சட்டம் அதனால் மாறுவதில்லை. தானே கலைந்தாலும் கலைக்கப்பட்டாலும் கணக்கு ஒன்றே. ஆனால் கடையில் இரகசியமாக மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, உதிரம் பெருகும்போது வெட்கத்தால் மருத்துவரிடம் மறைப்பது தன் உயிரோடு விளையாடுவது. மாத்திரை போட்டு ஒரு நாள் கழிந்தும் உதிரமே காணாவிட்டால் அதுவும் ஆபத்தின் அறிகுறியாகலாம். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கக் கூடும். என்ன மாத்திரை, எத்தனை வாரக் கரு என்பதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். கருப்பையில் அல்லாஹ் படைத்ததைப் பெண்கள் மறைக்கலாகாது என்று தலாக்கின் இத்தா பற்றிய திருவசனம் எச்சரிப்பதையும் நினைவில் கொள்க. அவள் சொல்லை நம்பித்தான் மார்க்கமே இந்தச் சட்டங்களை அமைத்திருக்கிறது.

அந்த நம்பிக்கைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) என்ற பெண்மணி உதிரம் நிற்காமல் போவதாக நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார்கள். அது ஒரு நரம்பின் உதிரம், வழக்கமான நாட்கள் கழிந்ததும் கழுவிக்கொண்டு தொழுங்கள் என்ற கருத்தில் அவர்கள் விடையளித்தார்கள். வழக்கமான நாட்கள் எத்தனை என்பதை அறிந்தவர் அந்தப் பெண்மணியே. வீட்டிலுள்ள மூத்தவரோ, கணவரோ, ஆலிமோ அந்த அறிவுக்கு ஈடாக மாட்டார்கள். ஆலிம் சட்டத்தைச் சொல்லலாம்; உதிரம் நின்றதா என்று சொல்ல வேண்டியவள் அவள்தான். எனவே கரு வெளியேறிய நாள், உதிரம் நின்ற நாள், திரும்பிய நாள் மூன்றையும் பிறையோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் சந்தேகம் வந்தால் அந்தக் குறிப்போடு உங்கள் மத்ஹபு அறிந்த ஆலிமிடம் கேளுங்கள். உடலில் சந்தேகம் வந்தால் அதே குறிப்போடு மருத்துவரிடம் செல்லுங்கள்.

பெரியம்மாவுக்கும் ஒரு சொல். பேணுதல் என்பது எல்லைக்குள் கவனமாக நடப்பது. எல்லையைத் தாண்டிப் போய் நின்றுகொண்டு அதைப் பேணுதல் என்று அழைக்க முடியாது. உதிரம் நின்ற அன்றைக்கே அந்தப் பெண்ணுக்குக் குளிக்க வெந்நீர் வைத்துக் கொடுத்து, முஸல்லாவை விரித்துக் கொடுப்பதே அவர் செய்யக்கூடிய பேணுதல். வல்ல அல்லாஹ் நமக்கு விளக்கத்தைத் தருவானாக! ஆமீன்.