இந்தக் கலியாணம் நடக்காவிட்டாலும் அவள் செய்தது சரி

என் அக்காவின் இரண்டாவது கலியாணம் கனடாவில், ஒன்ராறியோவில் நடந்தது. மணப்பெண் தோழி நான். இந்த நாட்டு வழக்கப்படி விருந்தில் தோழி எழுந்து சில நிமிடம் பேச வேண்டும். பேச்சு முடிந்ததும் சபையே கிளாஸை உயர்த்தி வாழ்த்தும். நான் என்ன பேச வேண்டும் என்று உறவினர் பலர் முன்கூட்டியே சொல்லித் தந்தார்கள். “கடவுள் அவளைச் சோதிச்சவர், இப்ப நல்ல துணையைக் குடுத்திருக்கிறார் எண்டு சொல்லு பிள்ளை” என்றார் பெரியம்மா. அன்பினால்தான் சொன்னார். ஆனால் அதை நான் சொல்லவில்லை, ஏனென்றால் அது உண்மையில்லை.

முதல் கலியாணத்துக்கும் சாதகம் பார்த்தார்கள். பொருத்தம் நன்றாக இருக்கிறது என்றார்கள். நல்ல நாளில், நல்ல முகூர்த்தத்தில் தாலி ஏறியது. இரண்டாவது துணையைக் கடவுள் தந்தார் என்றால் முதலாவதை யார் தந்தது? நல்லது நடந்தால் அருள், கெட்டது நடந்தால் சோதனை என்று சொல்லும் கணக்கில் எது நடந்தாலும் கடவுளுக்குத் தோல்வியே வராது. அந்தக் கணக்கில் வராமல் போவது என் அக்கா செய்த வேலை மட்டும்தான்.

அந்த வேலை என்ன என்பதைச் சொல்கிறேன். கனடாவின் விவாகரத்துச் சட்டத்தில் கொடுமையை நிரூபித்தும் விவாகரத்துக் கேட்கலாம். ஆனால் பெரும்பாலானோர் காட்டும் காரணம் ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்தது. அந்த வருடத்துக்குள் மீண்டும் ஒத்துவாழ்ந்து பார்க்கவும் சட்டம் இடம் தருகிறது. அப்படிச் சேர்ந்திருந்த நாட்கள் மொத்தம் 90-ஐத் தாண்டாவிட்டால் வருடக் கணக்கு அறுபடாது. சட்டம் அந்த முயற்சிக்கு ஓர் எல்லை வைத்தது. எங்கள் சொந்தக்காரர்கள் வைக்கவில்லை. “இன்னொருக்காப் போய்ப் பார்” என்று சொன்னவர்களுக்கு எத்தனை தடவை போனாலும் போதவில்லை. மகனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போய், தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்குத் திறந்து, பத்திரங்களைத் தானே நிரப்பி, அக்கா அந்த வருடத்தைக் கடந்தாள். தீர்ப்பு வந்த பிறகும் மேன்முறையீட்டுக்கான 30 நாள் போய், 31-ஆம் நாளில்தான் விவாகரத்து நடைமுறைக்கு வரும். விவாகரத்து ஆனதற்கான நீதிமன்றப் பத்திரத்தைக் காட்டித்தான் புதிய திருமண அனுமதிப் பத்திரம் எடுக்கலாம். இதில் எந்த இடத்திலும் விதி வந்து வரிசையில் நிற்கவில்லை.

“அத்தான்தான் அவளுக்கு வாழ்வு குடுத்தவர் எண்டு சொல்லன்” என்றார் இன்னொருவர். இதுவும் கேட்க இனிமையான பொய். அவர் அவளைச் சந்திக்கும்போது அவள் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தாள். மீட்பர் என்று பட்டம் கட்டினால் அவளை ஆயுள் முழுக்க நன்றிக்கடன்காரியாக வைக்கிறோம். அத்தானும் அதை விரும்பவில்லை.

அப்படியென்றால் பழசை எடுக்காமலே விடலாமே? சபையில் எதைச் சொல்லலாம் என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கதை அக்காவுடையது, என்னுடையதல்ல. அதனால் பேச்சை எழுதி முதலில் அவளிடம் கொடுத்தேன். முதல் கணவரின் பெயர் அதில் இல்லை. அவர் செய்ததும் இல்லை. அவருடைய மகன் முன்வரிசையில் இருப்பான், தன் அப்பாவைப் பற்றி அவன் சபையில் கேட்கக் கூடாது. அக்கா வாசித்துவிட்டு ஒரு வரியை வெட்டினாள். “நான் அழுததைச் சொல்லாதை. வெளிக்கிட்டதைச் சொல்லு” என்றாள்.

சொன்னேன். “என் அக்கா ஒரு நாள் ஒரு வீட்டைவிட்டு வெளிக்கிட்டாள். அது சரியான முடிவு. இண்டைக்கு இந்தக் கலியாணம் நடக்கிறபடியால் அது சரியாகேல்லை. அவள் இனிக் கலியாணமே கட்டாமல் தனிய இருந்திருந்தாலும் அது சரிதான். அத்தான், நீங்கள் அவளைக் காப்பாற்றவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொண்ட ஒருத்தியை விரும்பினீர்கள். அதுக்காகத்தான் உங்களில் எனக்கு மரியாதை.”

நான் சொல்ல வந்தது நடுவில் உள்ள அந்த வரிதான். இரண்டாவது கலியாணம் நன்றாக அமைந்தால்தான் முதலாவதிலிருந்து வெளியேறியது நியாயம் என்று நாங்கள் எண்ணுகிறோம். அதனால்தான் மறுமணம் செய்யாத பெண்ணைப் பார்த்து, “கொஞ்சம் பொறுத்திருக்கலாம்” என்று இன்றும் சொல்கிறோம். அடி வாங்குகிற ஒருத்தி வெளியேற, அவளுக்காக வெளியே ஒரு நல்லவன் காத்திருக்க வேண்டுமா? அவன் கடைசிவரை வராவிட்டால் அவள் திரும்பிப் போக வேண்டுமா?

சபையில் சிலர் கிளாஸை உயர்த்தவில்லை. பெரியம்மா உயர்த்தினார். சாப்பாட்டுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டு, “கடவுளையும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்” என்றார். பக்கத்தில் இருந்த அவருடைய மகள், ஐந்து வருடமாகப் பிரிந்து தனியாக இருப்பவள், “அம்மா, அவள் சொன்னது என்னைப் பற்றியும்தான்” என்றாள்.