மாலை கழற்றிய இரவு

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு, 41 நாள் விரதம் இருந்து, இருமுடி கட்டிச் சபரிமலைக்குப் போய் வருகிற ஆண்கள் பலரிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒரு மண்டலம் மனைவியைத் தொடாமல் இருந்தால் விந்து உடம்பில் சேர்ந்து பலமாகும், மாலையைக் கழற்றியதும் ஆண்மை இரட்டிப்பாகும் என்பது அது. இது பொய். வீட்டுக்குள் தீங்கு செய்கிற பொய்யும்கூட.

ஒரு மண்டலம் முழுக்க விந்தைச் சேமித்து வைக்க உடம்பில் கிடங்கு எதுவும் கிடையாது. விதைகள் விரத நாளிலும் விந்தணுக்களை உருவாக்கிக்கொண்டேதான் இருக்கும். வெளியேறாதவை சிதைந்து உடம்பிலேயே கரைந்துபோகும். சில வேளை தூக்கத்தில் வெளியேறும். அப்படி வெளியேறினால் விரதம் கெட்டதென்று பதறி, விடியுமுன் குளித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மறுகுகிறவர்கள் உண்டு. அவர்கள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. விந்துப் பரிசோதனைக்கு வருகிறவர்களை ஆய்வகங்கள் 2 முதல் 7 நாள் வரை இடைவெளி விட்டு வரச் சொல்கின்றன. அதற்கு மேல் போனால் அளவு கூடலாம், ஆனால் அணுக்களின் ஓட்டம் குறையத் தொடங்கும்.

ஆசையின் கணக்கு வேறு. முதல் சில நாள் தவிப்பு இருக்கும். பிறகு தரையில் தனிப்படுக்கை, அதிகாலைக் குளியல், சுற்றிலும் சாமிமார் என்று நாள் ஓட, தூண்டுதல் குறைவதால் பலருக்கு ஆசையும் அடங்குகிறது. சிலருக்கு அதையே நினைத்து நினைத்து வளர்கிறது. எதுவானாலும் உறுப்பு தன் வேலையை விடுவதில்லை. ஆரோக்கியமான ஆணுக்குக் கனவு வரும் தூக்கக் கட்டங்களில் ஓர் இரவுக்கு மூன்று முதல் ஐந்து முறை விறைப்பு வந்து போகும். விரதத்தின் 30ஆம் நாளிலும் வரும்.

நாற்பது வயதை நெருங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விடிய விடிய வேனில் உட்கார்ந்து ஊர் திரும்புகிறார். மாலையைக் கழற்றுகிறார். ஒன்றரை மாதமாகத் தொடாத குவார்ட்டரை அன்று மாலையே குடிக்கிறார். இரவில் மனைவியை நெருங்கும்போது இரட்டிப்பு பலத்தை எதிர்பார்த்திருக்கிறார். விறைப்பு வந்து பாதியிலேயே தளர்கிறது. மறுநாள் வருகிறது, ஆனால் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. மூன்றாம் நாள் அருகே போகவே பயம்.

இதில் நோய் எதுவும் இல்லை. உடம்பும் மனமும் தளர்ந்திருந்தால்தான் உறுப்பின் தசைகள் நெகிழ்ந்து ரத்தம் நிரம்பும். 'இன்றைக்கு முடியுமா' என்ற பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் அந்தத் தசைகளை இறுக்கிவிடுகிறது. களைப்பும் மதுவும் அதோடு சேர்கின்றன. நீண்ட இடைவெளிக்குப் பிறகு விந்து சீக்கிரம் வெளியேறுவதும் சகஜம்தான். வளைகுடாவிலிருந்து இரண்டு வருடம் கழித்து விடுப்பில் வருகிறவருக்கும் இதே கதைதான். காலையில் எழும்போது விறைப்பு இருந்தால் குழாயும் நரம்பும் சரியாக வேலை செய்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம். சில நாள் அவசரமில்லாமல், முடித்தே தீர வேண்டும் என்ற எண்ணமில்லாமல் சேர்ந்து படுத்தாலே பலருக்குச் சரியாகிவிடும்.

மாலை கழற்றியவரோ லாட்ஜில் முகாம் போடும் பரம்பரை வைத்தியரைத் தேடிப் போகிறார். அல்லது சீட்டில்லாமல் மெடிக்கலில் விறைப்பு மாத்திரை வாங்குகிறார். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் அந்த மாத்திரையைப் போட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காலை விறைப்பும் இல்லாமல் மூன்று மாதம் நீடித்தால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும், இதயத்தையும் சோதிக்க வேண்டும். உறுப்பின் ரத்தக் குழாய்கள் இதயக் குழாய்களைவிடக் குறுகியவை என்பதால் அடைப்பு பல நேரம் முதலில் இங்கேதான் தெரியும்.

விரதத்துக்குப் பின் உண்மையாகவே நன்றாக இருந்ததாகச் சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. 41 நாள் சிகரெட்டும் மதுவும் இல்லாமல், நேரத்துக்குத் தூங்கி எழுந்தால் ரத்த ஓட்டம் சீராகும். அந்தப் பலனைத் தந்தது மனைவியைத் தொடாமல் இருந்ததல்ல, பாட்டிலைத் தொடாமல் இருந்ததுதான். அதற்கு மாலை தேவையில்லை. வருடம் முழுக்கச் செய்யலாம்.

இத்தனையிலும் மனைவியை யார் கேட்டார்கள்? மாலை போடக் குருசாமியிடம் உத்தரவு வாங்குகிறார். 41 நாள் விடியுமுன் எழுந்து சமைக்கிற பெண்ணிடம், அவளுக்கும் சேர்த்துத்தான் விரதம் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. மாதவிடாய் நாட்களில் அவள் வேறு வீட்டுக்கும் போக வேண்டும். மாலை இறங்கிய இரவில் அவள் தயாராக இருக்க வேண்டும். அவர் தளர்ந்தால் அந்தக் கோபத்தையும் அவளே வாங்க வேண்டும். அவருடைய நேர்த்திக்கடனை அவர் தீர்க்கட்டும். அவளுடைய உடம்பை அதில் வைக்க அவருக்கு உரிமை கிடையாது. அந்த இரவில் அவள் 'வேண்டாம்' என்றால், அவர் 41 நாள் இருந்தது போலவே 42ஆம் நாளும் இருக்க வேண்டும்.