சீறினாரா, சொன்னாரா?

2003 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவை நடவடிக்கைகள் குறித்து 'தி இந்து' ஆங்கில நாளிதழ் 12, 13, 23 ஆகிய தேதிகளில் செய்திகள் வெளியிட்டது. அந்தச் செய்திகளை ஒட்டி எழுந்த விவகாரத்தில் 25ஆம் தேதி 'பெருகும் சகிப்பின்மை' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு தலையங்கமும் எழுதியது. ஏழு மாதம் போவதற்குள், நவம்பர் 7 அன்று, இவை அனைத்தும் அவையின் உரிமையை மீறியவை என்று பேரவை முடிவு செய்தது. ஆசிரியர் என்.ரவி, மாலினி பார்த்தசாரதி உள்ளிட்ட அந்த இதழின் ஐவருக்கும், தலையங்கத்தைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிட்ட 'முரசொலி'யின் ஆசிரியர் செல்வத்துக்கும் 15 நாள் வெறுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. மூன்று நாளில் உச்ச நீதிமன்றம் கைது நடவடிக்கைக்குத் தடை விதித்தது.

பத்திரிகைச் சுதந்திரத்தின் மீது விழுந்த அடியாகவே இந்த நிகழ்வு பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. அது சரிதான். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வியும் இருந்தது. அன்றைய ஆரவாரத்தில் அதைப் பொறுமையாகப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. அந்தச் செய்திகளில் எது நடந்தது, எது நிருபரின் தீர்ப்பு? தலையங்கத்தில் எது கருத்து, எது சரிபார்க்கக்கூடிய தகவல்?

அன்றைய முதல்வர் ஜெயலலிதா அவையில் பேசிய விதத்தை வருணித்த சில சொற்கள்தான் செய்திகளில் ஆட்சேபத்துக்கு உள்ளாயின. அந்த ஆங்கிலச் சொற்களின் பொருளைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: உச்சக் குரல், சீறினார், வெகுண்டார், சாடினார், வசைமாரி, கட்டற்ற தாக்குதல். அவை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'அவதூறு' என்றது ஒரு தரப்பு. ஒரே மூட்டையாகக் கட்டி 'உண்மை' என்றது மறுதரப்பு. மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு எடையில் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தகவல் என்றாலே உண்மை, கருத்து என்றாலே ஐயத்துக்குரியது என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. 'கூட்டம் பத்து மணிக்குத் தொடங்கியது' என்று ஒருவர் எழுத, அது உண்மையில் பதினொன்றுக்குத் தொடங்கியிருந்தால், அவர் எழுதியது பிழையான தகவல். அது பிழை என்பதாலேயே கருத்தாகிவிடாது. இருவர் ஒரு வாக்கியத்தைப் பற்றிச் சண்டையிட்டால் எதைக் கொண்டுவந்து காட்டினால் சண்டை தீரும் என்று கேட்டுப் பார்ப்பதே நல்ல சோதனை. ஒலிப்பதிவோ கோப்போ கடிகாரமோ தீர்த்துவைக்கும் என்றால் அது தகவல். எதைக் காட்டினாலும் தீராது, அளவுகோலையே முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றால் அது கருத்து.

இந்தச் சோதனையில் 'உச்சக் குரல்' தகவலின் பக்கம் நிற்கிறது. பக்கத்தில் அமர்ந்திருந்தவரின் காதும் அதைச் சொல்லும், ஒலிப்பதிவும் சொல்லும். 'சீறினார்', 'வெகுண்டார்' இரண்டும் நடுவழியில் நிற்கின்றன. முகம் சிவந்ததும் குரல் ஏறியதும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டியவை. உள்ளே கோபம் இருந்தது என்பது அவற்றிலிருந்து நிருபர் எட்டிய முடிவு. பெரும்பாலும் சரியாக இருக்கக்கூடிய முடிவுதான், என்றாலும் முடிவு முடிவே. 'வசைமாரி' என்பதற்கு விமர்சனம் எங்கே முடிகிறது, வசை எங்கே தொடங்குகிறது என்ற எல்லைக்கோடு தேவை. அந்தக் கோட்டை எதிர்க்கட்சி உறுப்பினர் ஓரிடத்தில் போடுவார், ஆளுங்கட்சி உறுப்பினர் வேறிடத்தில் போடுவார். 'கட்டற்ற' என்பது முழுக்க முழுக்கத் தீர்ப்பு. எந்தக் கட்டு, யார் போட்ட கட்டு என்று கேட்டால் ஒலிப்பதிவில் விடை கிடைக்காது.

ஆகவே, செய்திப் பத்திகளில் கருத்து கலந்திருந்தது என்று சொல்வது அநியாயம் ஆகாது. இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நெறிமுறைகளே ஊகத்தையும் விமர்சனத்தையும் நடந்த தகவல்போல உயர்த்திக் காட்டக் கூடாது என்று கூறுகின்றன.

இங்கே ஓர் எதிர்வாதம் எழுகிறது, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒருவர் மேசையைத் தட்டிக் குரலை உயர்த்திப் பேசியதை 'முதல்வர் கூறினார்' என்று எழுதினால் அது நடுநிலையா? படிப்பவர் மனத்தில் அமைதியான ஓர் உரையின் சித்திரம் எழும். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. சாதுவான வினைச்சொல்லும் பொய்ச் சித்திரத்தைத் தரமுடியும். 2003இல் பேரவை நிகழ்ச்சிகள் நேரலையாக வரவில்லை. செய்தியாளர் மாடத்தில் இருந்தவரின் கண்ணும் காதும்தான் ஊருக்கே கண்ணும் காதும். அவை ஆவணங்களில் பேசிய சொற்கள் இருக்கும், பேசிய தொனி இருக்காது. நீக்கப்பட்ட சொற்களும் அவற்றில் இருக்காது. தொனியையும் நிருபர் விட்டுவிட்டால் அது எங்குமே பதிவாகாமல் போய்விடும்.

நேரலை இல்லை என்ற அதே காரணம் மறுபக்கமும் வெட்டுகிறது. வாசகர் சரிபார்க்க வழியே இல்லாத இடத்தில் நிருபரின் ஒரு வினைச்சொல் முழுத் தீர்ப்பாகிவிடுகிறது. எனவே அவருடைய கடன் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. சொல்லப்பட்ட வார்த்தைகளை அப்படியே தருவதும், கண்டதையும் கேட்டதையும் கண்டபடி கேட்டபடி எழுதுவதும் முதல் கடமை. 'சீறினார்' என்று எழுத விரும்பினால் அதற்கான சான்று அதே பத்தியில், அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

இதை அரசியல் சூடு இல்லாத ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். ஒரு நகராட்சிக் கூட்டம். 'குடிநீர்க் குழாய் பற்றிய கேள்விக்கு ஆணையர் மழுப்பினார்' என்று ஒரு நிருபர் எழுதுகிறார். இன்னொருவர், 'குழாய் எப்போது போடப்படும் என்று உறுப்பினர் இருமுறை கேட்டார். இருமுறையும் ஆணையர், பரிசீலனையில் இருக்கிறது என்றார். தேதி சொல்லவில்லை' என்று எழுதுகிறார். இரண்டாவதைப் படிப்பவரும் 'மழுப்பினார்' என்ற முடிவுக்கே வரலாம். ஆனால் அந்த முடிவு அவருடையதாக இருக்கும். 'ஆய்வு முடியாமல் தேதி சொல்ல முடியாதுதானே' என்று நினைக்கவும் அவருக்கு இடம் இருக்கும். முதல் வாக்கியம் அந்த இடத்தை அடைத்துவிடுகிறது.

தமிழ்ச் செய்திகளில் இந்த வேலையைப் பெரும்பாலும் வினைமுற்றுகளே செய்கின்றன. 'என்றார்' என்பதில் சாய்வு இல்லை. 'சுட்டிக்காட்டினார்' என்றால் அவர் சொன்னது உண்மை என்று செய்தியாளரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். 'ஒப்புக்கொண்டார்' என்றால் ஏதோ குற்றம் முன்பே இருந்தது என்றாகிறது. 'என்று கூறப்படுகிறது', 'எனத் தெரிகிறது' ஆகியவை இன்னும் நுட்பமான கேடு. கூறியது யார், தெரிந்தது யாருக்கு என்பதையே அவை விழுங்கிவிடுகின்றன. பெயரடைகளைச் சந்தேகிக்கப் பழகிய வாசகரும் வினைச்சொற்களைக் கவனிக்காமல் கடந்துபோகிறார்.

இனித் தலையங்கம். அது கருத்துக்கான பக்கம் என்பதால் அங்கே எதையும் சொல்லலாம் என்ற நினைப்பும் தவறு. அந்தத் தலைப்பையே எடுத்துக்கொள்ளலாம். 'சகிப்பின்மை' என்பது தீர்ப்பு. தலையங்க ஆசிரியருக்கு அதைச் சொல்ல முழு உரிமை உண்டு. 'பெருகும்' என்பது அப்படியல்ல. முன்பு குறைவாக இருந்தது, இப்போது கூடியிருக்கிறது என்பது எண்ணிப் பார்க்கக்கூடிய கூற்று. 2002 ஜூலையில் வைகோ பொடா சட்டத்தில் கைதானார். 2003 ஏப்ரலில் 'நக்கீரன்' கோபால் அதே சட்டத்தில் கைதானார். அதே மாதம் செய்திகள் மீதான உரிமைப் பிரச்சினை வந்தது. இப்படி நிகழ்வுகளைத் தேதியோடு வரிசைப்படுத்தி, முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டால்தான் 'பெருகும்' என்ற சொல் நிற்கும். இவற்றைச் சகிப்பின்மை என்பதா, சட்டத்தின் கடமை என்பதா என்பது அதன் பிறகு வரும் வாதம். முன்னதில் பிழை இருந்தால் திருத்தம் வெளியிட வேண்டும். பின்னதில் உடன்பாடு இல்லையென்றால் மறுப்புக் கட்டுரை எழுதலாம். இரண்டு தலைப்புச் சொற்களுக்குள் இரண்டு வேறு பொறுப்புகள் இருக்கின்றன.

'முரசொலி'யின் நிலை இன்னும் விசித்திரமானது. வேறொரு இதழ் இப்படி எழுதியது என்று தன் வாசகருக்குத் தமிழில் காட்டியது அது. தலையங்கத்தில் இருந்தது கருத்து. ஆனால் அந்தக் கருத்து வெளியானது என்பது மறுக்கமுடியாத தகவல். வெளியிட்டதில் கட்சி அரசியல் இருந்திருக்கலாம், ஆனாலும் மொழிபெயர்ப்பு பிழையில்லாமல் இருந்தால் தகவல் தகவல்தான்.

இத்தனை வேறுபாடுகளையும் பேரவையின் தீர்மானம் ஒரே தட்டில் வைத்து ஒரே தண்டனை கொடுத்தது. செய்தியில் கலந்த கருத்து ஒரு தொழில்நெறிப் பிழை. தலையங்கத்தில் இருந்த கருத்து பிழையே அல்ல. மறுபதிப்பு மூன்றாவது வகை. பிழைக்கான பரிகாரம் பிழையின் அளவில் இருக்க வேண்டும். பத்திரிகைக் கவுன்சிலுக்கு எச்சரிக்கவும் கண்டிக்கவும்தான் சட்டம் அதிகாரம் தருகிறது, சிறையில் அடைக்க அல்ல. 'வசை' என்ற சொல் பொருத்தமில்லை என்று அவை கருதியிருந்தால், பேசியதன் முழு வடிவத்தையும் வெளியிடச் சொல்லி அந்த இதழுக்கே எழுதியிருக்கலாம். அப்போது வாசகர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்திருப்பார்கள். பாதிக்கப்பட்டதாகக் கருதியவரே நீதிபதியாகவும் அமர்ந்தது அந்த வாய்ப்பை இல்லாமல் ஆக்கியது. அது அநீதி. அந்த அநீதியைச் சொல்வதற்காகச் செய்தியில் இருந்த 'கட்டற்ற' என்ற சொல்லைத் தகவல் என்று சாதிக்க வேண்டியதில்லை.

நாளைக் காலை இதழ் வந்ததும் ஒரு நிகழ்வின் செய்தியையும் அதே நிகழ்வு பற்றிய தலையங்கத்தையும் எடுத்து, ஒரு பென்சிலோடு உட்காருங்கள். செய்தியில் ஒலிப்பதிவு காட்டித் தர முடியாத சொற்களின் கீழே கோடு போடுங்கள். தலையங்கத்தில் எண்ணியோ தேதி பார்த்தோ சோதிக்கக்கூடிய சொற்களின் கீழே கோடு போடுங்கள். செய்தியில் கோடுகள் மிகுந்திருந்தாலும், தலையங்கத்தில் கோடு போட ஒன்றுமே கிடைக்காமல் போனாலும், அந்த இதழின் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.