செல் போட்ட ஆட்டோமேட்டிக்

ஒரு கதையைக் கற்பனை செய்துகொள்வோம். படிப்பை முடித்து வேலைக்குப் போகும் இளைஞனுக்கு, துபாயிலிருந்து விடுமுறையில் வந்த தாய்மாமா ஒரு சீக்கோ 5 வாட்சைக் கட்டிவிடுகிறார். முகப்பில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று எழுதியிருக்கிறது. அதாவது செல் வேண்டாம், சாவி வேண்டாம், கை அசைந்தாலே ஓடும். இரண்டு வருடம் அதைப் பெருமையாகக் கட்டுகிறான். ஒரு நாள் அது நின்றுபோகிறது. வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு பின்மூடியைத் திறக்கிறார். கை அசையும்போது சுழல வேண்டிய அரைவட்டத் தகடு அங்கே இல்லை. பிளாஸ்டிக் வளையத்துக்கு நடுவே சின்னஞ்சிறு மிஷின், அதில் ஒரு பட்டன் செல். ‘செல் தீர்ந்துபோச்சு தம்பி, மாத்திடலாமா?’ என்கிறார் அவர். இளைஞனுக்கு உலகமே இருண்டுவிடுகிறது. அவன் இழந்தது எதை என்பதுதான் என் கேள்வி.

நேரத்தை இழக்கவில்லை என்பது உறுதி. அசல் சீக்கோ 5-இன் சாதாரண மாடல்கள் ஒரு நாளில் அரை நிமிஷத்துக்கு மேலேயே முன்பின்னாகலாம். அது பழுதல்ல, தயாரித்தவர்களே அனுமதிக்கும் அளவு. மலிவான குவார்ட்ஸ் மிஷினோ மாதத்துக்கே சுமார் 15, 20 விநாடிதான் பிசகும். ஆக, இரண்டு வருடமாக அந்த டூப்ளிகேட், அசலைவிடச் சரியான நேரத்தைத்தான் காட்டியிருக்கிறது. அது தன்னை மறைத்துக்கொள்ளவும் இல்லை. அந்த வகை ஆட்டோமேட்டிக்கில் விநாடி முள் ஒரு விநாடிக்குள் ஆறு சின்ன எட்டுகள் வைக்கும். பார்வைக்கு வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும். குவார்ட்ஸில் விநாடிக்கு ஒரு குதி. மேலே ஆட்டோமேட்டிக் என்று எழுதி, முள் விநாடிக்கு ஒருமுறை குதித்தால் சந்தேகப்பட அதுவே போதும். ராத்திரி கழற்றி மேஜையில் வைத்துவிட்டு இரண்டு நாள் தொடாமல் இருந்திருந்தாலும் தெரிந்திருக்கும்: அசல் என்றால் நின்றிருக்கும், இது ஓடிக்கொண்டே இருந்திருக்கும். தினமும் பலமுறை பார்த்தவன் எழுத்தைப் படித்தானே ஒழிய முள்ளைப் பார்க்கவில்லை. (நம்மில் பலரும் அப்படித்தான், விலை உயர்ந்த வாட்சை நேரம் பார்ப்பதற்காகவா கட்டுகிறோம்?)

‘அப்படியானால் எதுவும் குறையவில்லை, மாமாவின் அன்பு அன்புதானே’ என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. பொருள் பொய் என்பதிலிருந்து அன்பு பொய் என்றாகாது, சரி. ஆனால் அன்பு மெய் என்றும் ஆகிவிடாது. பொருளின் அசலும் உறவின் அசலும் தனித்தனிக் கணக்கு. பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான் 1883-இல் எழுதிய ‘நகைகள்’ கதையில் இது தலைகீழாக வருகிறது. மனைவி ஆசையாகச் சேர்த்ததெல்லாம் கவரிங் என்று நம்பியிருந்த ஒரு குமாஸ்தா, அவள் இறந்தபின் வறுமையில் அவற்றை விற்கப் போகிறான். எல்லாம் அசல் என்கிறார் நகைக்கடைக்காரர். தன் சம்பளத்தில் வாங்க முடியாத அவை எங்கிருந்து வந்தன என்று யோசித்த கணத்தில், அவனுடைய இல்லறம்தான் போலியாகிவிடுகிறது. அங்கே நகை அசலாக இருந்ததே இடி. ஆகவே நம் இளைஞன் வாட்சைத் திறந்து பார்த்து மாமாவை எடைபோட முடியாது. மாமா அசல் விலை கொடுத்து ஏமாந்திருக்கலாம். ஊருக்கு வெறுங்கையோடு வர மனமின்றி, கையில் இருந்த பணத்துக்குத் தெரிந்தே வாங்கியிருக்கலாம். இரண்டுக்கும் உள்ளே இருப்பது அதே செல்தான்.

அவன் துக்கத்தில் மாமாவின் பங்கைவிட அவனுடைய பங்கே பெரிது என்று எனக்குப் படுகிறது. கட்டிவிட்டபோது மாமா ‘வச்சுக்கோடா’ என்று மட்டும் சொல்லியிருப்பார். ‘ஃபாரின்’, ‘ஜப்பான் மிஷின்’, ‘செல்லே வேண்டாம்’ என்பதையெல்லாம் ஆபீஸில் சொல்லித் திரிந்தவன் இவன். குலைந்தது அந்தப் பேச்சுதான். ‘ஏமாற்றிய கடைக்காரனை விட்டுவிட்டு ஏமாந்தவனைக் குறை சொல்வதா?’ என்று கேட்கலாம். கடைக்காரன் செய்தது குற்றம். இந்தியாவில் 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி போலி முத்திரைப் பொருளை விற்பவருக்குச் சிறைத் தண்டனையும் உண்டு. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் கடைக்காரன் பொய் சொன்னது ஒரே ஒருமுறை, மாமாவிடம். அதை இரண்டு வருடம் தினமும் மணிக்கட்டில் சுமந்து பத்துப் பேரிடம் பரப்பியவன், தெரியாமல்தான் என்றாலும், இவன்.

மாமாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகுதான். அவர் மறுபடி அதே கடையில் யாருக்காவது வாங்கப்போகிறார் என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் சொல்வதால் அவருக்கு வெட்கத்தைத் தவிர எதுவும் கிடைக்காது. முதலில் சொல்ல வேண்டியது ஆபீஸில்தான். ‘அது ஆட்டோமேட்டிக் இல்லைப்பா, செல் வாட்ச்’ என்று மூன்று நான்கு பேரிடம் சொன்னால் போதும். சொல்லிவிட்டு, புதுச் செல் போட்டு அதையே கட்டிக்கொண்டு போகலாம்.