தரகர் வாங்கிய பணம் யாருக்குச் சொந்தம்?

வீடு தேடி அலைந்தவர்களுக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும். அதைவிடப் பெரிய சிரமம், தேடிய வீடு கைக்கு வந்து நழுவிப்போன பின் தரகரிடம் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பது. கேட்டால் மனத்தாங்கல், கேளாவிட்டால் நஷ்டம். இந்த விஷயத்தில் மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்டு, சென்னை திருவல்லிக்கேணியில் வசிக்கும் சகோதரர் ஒருவர் சென்ற மாதம் மக்ரிபு தொழுகைக்குப் பின் என்னிடம் வந்தார். அவர் சொன்ன விவரம் இது.

அவர் ஒரு கடையில் கணக்கெழுதுபவர். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாயார். மாத வாடகை 14,000 ரூபாயில் ஒரு வீட்டைத் தரகர் காட்டினார். அட்வான்ஸ் 70,000 என்று பேசி, அதில் 20,000 ரூபாயை ஒரு வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்காரரிடம் கொடுத்தார்கள். மீதியைக் கொடுத்து முதல் தேதி சாவி வாங்குவதென்று ஏற்பாடு. அன்றிரவே வழக்கப்படி ஒரு மாத வாடகையான 14,000 ரூபாயைத் தரகர் வாங்கிக்கொண்டார். நான்கு நாள் கழித்து வீட்டுக்காரர் ஆளனுப்பினார். வீடு மறைந்த தந்தையாரின் பெயரில் இருக்கிறது. இன்னும் பாகப்பிரிவினை ஆகவில்லை. வெளிநாட்டிலுள்ள தம்பியும் ஊரிலுள்ள சகோதரியும் வாடகைக்கு விடச் சம்மதிக்கவில்லை. வாங்கிய 20,000 ரூபாயை அவர் குறைவின்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தரகரிடம் போனால், "நாலு நாள் அலைஞ்சேன், ஏழு வீடு காட்டினேன். பேசி முடிச்சும் கொடுத்தேன். வீட்டுக்காரர் வீட்டுச் சண்டைக்கு நான் என்ன செய்வேன், பாய்? அந்தப் பணத்தை மகள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிட்டேன்" என்கிறார். அவர் சொல்வதில் பொய் ஒன்றுமில்லை. உழைத்தது உண்மை, பணம் செலவானதும் உண்மை. அப்படியிருக்க அந்தப் பணம் அவருக்கு ஹலாலா, இல்லையா?

இதற்கு விடை காண, அந்த 14,000 ரூபாய் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். கூலி இரண்டு வகை. கொத்தனாருக்கு நாள் கூலி கொடுக்கிறோம். அன்று சுவர் எழும்பினாலும், பாதியில் நின்றாலும், அவர் நாள் முழுதும் வேலை செய்திருந்தால் கூலி கடமையாகிவிடும். இது இஜாரா. இன்னொரு வகையில் உழைப்புக்கு விலையில்லை, முடிவுக்குத்தான் விலை. காணாமற்போன ஆட்டைக் கொண்டு வருபவருக்கு இவ்வளவு என்று அறிவித்தால், ஊரெல்லாம் தேடி வெறுங்கையோடு வந்தவருக்கு ஒன்றுமில்லை. இதற்கு ஜுஆலா என்று பெயர். யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில், அரசருடைய அளவுப் பாத்திரத்தைக் கொண்டு வருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என்று அறிவிக்கப்பட்டதைத் திருக்குர்ஆன் கூறுகிறது. ஃபுகஹாக்கள் இதை ஜுஆலாவுக்கு ஆதாரமாக எடுத்துக்காட்டுவார்கள். அங்கே பரிசு தேடியவருக்கு அல்ல, கொண்டு வந்தவருக்கு.

நம் ஊர் வீட்டுத் தரகு எந்த வகை? ஏழு வீடு காட்டியதற்கு ஏழு கூலி என்று எந்தத் தரகரும் கேட்பதில்லை. ஐம்பது வீடு காட்டி ஒன்றும் அமையாவிட்டால் அவர் எதுவும் பெறுவதில்லை. ஒரே மாலையில் முதல் வீடே அமைந்துவிட்டால் ஒரு மாத வாடகை முழுவதும் பெறுகிறார். அலைச்சலுக்குக் கூலி என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. ஆகவே இது முடிவுக்குக் கொடுக்கப்படும் கூலி, அதாவது ஜுஆலா. வேலை முடிந்தாலன்றி ஜுஆலாவில் கூலி கடமையாகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். நம் நாட்டு ஒப்பந்தச் சட்டமும் (1872) 219-ஆவது பிரிவில், தனியாக வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், முகவருக்குரிய ஊதியம் காரியம் முடியும்வரை கடமையாகாது என்றே சொல்கிறது.

இங்கே தரகர் நியாயமான ஒரு கேள்வியை எழுப்பலாம். "என் வேலை பேச்சை முடித்துக் கொடுப்பது. அது வெள்ளிக்கிழமை இரவே முடிந்துவிட்டது. சாவி கைமாறும்வரை காத்திருப்பது என் வேலையா?" இதைத் தட்டிக்கழிக்க முடியாது. அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே தரகும் கொடுத்துவிடுவது ஊர் வழக்கம். வழக்கத்துக்கு ஷரீஅத்தில் மதிப்புண்டு. ஆகவே பேச்சு முடிவதே அவர் வேலையின் முடிவு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், அன்றிரவு உண்மையிலேயே பேச்சு முடிந்ததா என்பதுதான் கேள்வி.

பாகம் பிரியாத வீட்டில் தம்பிக்கும் சகோதரிக்கும் பங்கு இருக்கிறது. அவர்கள் சொத்தை அவர்கள் சம்மதமின்றி வாடகைக்கு விட அண்ணனுக்கு உரிமையில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் அத்தகைய ஒப்பந்தம் அவர்கள் பங்கைப் பொறுத்தவரை செல்லாது. ஹனஃபி மத்ஹபில் அது உரியவரின் சம்மதத்தை எதிர்நோக்கித் தொங்கி நிற்கும். அவர்கள் மறுத்ததும் விழுந்துவிடும். எப்படிப் பார்த்தாலும் அந்த வீட்டில் குடியேறும் உரிமை நம் சகோதரருக்கு ஒரு நாளும் உறுதியாகவில்லை. முடிந்த பேச்சு பின்னால் முறியவில்லை. முடிந்ததுபோல் தோன்றியது, அவ்வளவுதான்.

கற்றறிந்தவர்கள் ஓர் ஆட்சேபம் சொல்லக்கூடும். ஹனஃபி சட்டத்தைத் தொகுத்து உஸ்மானிய அரசு வெளியிட்ட மஜல்லாவின் 579-ஆவது பிரிவு, தரகர் கூலி பெற்ற பின் விற்ற பொருளுக்கு வேறொருவர் உரிமையாளராக வெளிப்பட்டாலும், குறை காரணமாகப் பொருள் திரும்பி வந்தாலும், தரகரின் கூலியைத் திருப்பி வாங்கக் கூடாது என்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது தரகருக்குச் சாதகமானது. ஆனால் அங்கே கூலி கொடுத்தவர் யார் என்று கவனிக்க வேண்டும். அங்கே பேசப்படுபவர், பொருளைத் தரகர் கையில் கொடுத்து விற்கச் சொன்னவர். தமக்கு உரிமையில்லாத பொருளையோ குறையுள்ள பொருளையோ கொடுத்தவர் அவரேயாவார். தரகர் சொன்னபடி விற்றுக் கொடுத்தார். குறை அவர் பக்கமிருந்து வந்திருக்க, கூலியைத் திருப்பிக் கேட்பது அநியாயம். நம் விஷயத்தில் கூலி கொடுத்தவர் வாடகைக்கு வந்தவர். குறை வீட்டுக்காரர் பக்கம். ஆகவே அந்தச் சட்டத்தை அப்படியே இங்கே இறக்கிவைக்க முடியாது என்பது எளியேனின் கருத்து.

ஹன்பலி இமாம்களில் இப்னு அகீல் (ரஹ்) அவர்கள் இதைப் பிரித்துக் காட்டியுள்ளார்கள். இரு தரப்பும் மனமொத்து ஒப்பந்தத்தைக் கலைத்துக்கொண்டால் தரகர் கூலியைத் திருப்ப வேண்டியதில்லை. குறையின் காரணமாக ஒரு தரப்புக்கு மட்டும் முறிக்கும் உரிமை இருந்து, அதனால் முறிந்தால் திருப்ப வேண்டும். காரணம் தெளிவானது. முதலாவதில் ஒப்பந்தம் முழுமையாக நிலைத்த பின் அவர்களே அதை விட்டுவிட்டார்கள். தரகர் வேலை முடிந்துவிட்டது. இரண்டாவதில் அந்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே நிற்குமா விழுமா என்ற நிலையில்தான் இருந்தது.

இந்த அளவுகோல் வாடகைக்கு வருபவரையும் கட்டுப்படுத்தும். மலிவாக வேறு வீடு கிடைத்தது, மனைவிக்குப் பிடிக்கவில்லை, வேலை மாற்றல் ரத்தாயிற்று என்று அவரே பின்வாங்கினால், உறுதியான ஒப்பந்தத்துக்குக் கொடுத்த தரகைத் திருப்பிக் கேட்க அவருக்கு வழியில்லை. ஒப்பந்தத்துக்கு முன்பே, தரகர் வேலை தொடங்கிய பின் நிறுத்தச் சொன்னாலும், அதுவரை செய்த வேலைக்கு வழக்கமான கூலி கொடுக்க வேண்டும் என்பதே ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான சொல். மூன்று மாதம் குடியிருந்த பின் வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டால், அதற்கும் தரகர் பொறுப்பல்ல. "என் மீது தவறில்லை" என்பது மட்டும் போதாது. ஒப்பந்தம் உறுதியாக நின்றதா என்பதே முதற் கேள்வி.

ஆக, நம் சகோதரரின் 14,000 ரூபாய் அவருக்கே உரியது. தரகர் அறியாமல் வாங்கியிருந்தால் அவர் மீது பாவமில்லை. ஆனால் அறிந்த பின் அது அவர் கையிலிருக்கும் பிறர் பொருள். பங்காளிகள் தகராறு முன்பே தெரிந்திருந்தும் மறைத்திருந்தால் அது ஏமாற்று. அதற்குத் தவ்பாவும் வேண்டும், பணமும் திரும்ப வேண்டும். அவருடைய அலைச்சல் வீணானதற்கு அவர் மனம் வருந்த வேண்டியது வீட்டுக்காரரிடம். பங்காளிகளைக் கேளாமல் வீடு காட்டச் சொன்னவர் அவர்தானே!

பணம் பள்ளிக்கூடத்தில் கட்டியாகிவிட்டதே? அதனால் உரிமை மாறாது; அது கடனாகிவிடும். கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படியும், தர்மமாக விட்டுவிடுவது அதனினும் சிறந்தது என்றும் ஸூரத்துல் பகரா நமக்குக் கற்பிக்கிறது. "வேறு வீடு தரகில்லாமல் பார்த்துத் தருகிறேன்" என்று தரகர் சொல்லலாம். சகோதரர் மனமுவந்து ஏற்றால் நல்லது. கட்டாயப்படுத்த அவருக்கு உரிமையில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்ட சகோதரர், மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு தரகரிடம் போனார். தரகர் வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "மாசம் ரெண்டாயிரமா தந்துடுறேன்" என்றார். "ஏழு மாசம் ஆகட்டும். ஏழு வீடு காட்டினீங்க, அந்த ஆட்டோ செலவு ஆயிரம் ரூபாயை நான் ஏத்துக்கறேன். பதிமூணாயிரம் தந்தாப் போதும்" என்றார் சகோதரர். அந்த ஆயிரம் தரகரின் உரிமையல்ல, இவருடைய தாராளம். உரிமை எது, தாராளம் எது என்று இருவருக்கும் தெரிந்திருந்ததால்தான் மனத்தாங்கலின்றி எழுந்து வந்தோம்.

இனி வீடு தேடுபவர்கள் பணம் கொடுக்குமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு விஷயங்களை எழுதிக்கொள்ளட்டும். தரகு எப்போது கடமையாகிறது, பேச்சு முடியும்போதா, சாவி வாங்கும்போதா? வீட்டுக்காரர் பக்கத்தால் வீடு கிடைக்காவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும்? கூடவே, வீடு யார் பெயரில் இருக்கிறது, வேறு பங்காளிகள் உண்டா என்று வீட்டு வரி ரசீதைக் காட்டிக் கேட்டுக்கொள்ளட்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. எழுதிக்கொள்வது சந்தேகமல்ல, இரு தரப்பின் ஈமானுக்கும் அது பாதுகாப்பு.

வல்ல அல்லாஹ் நம் வீடுகளையும், அவற்றை அமைத்துத் தருவோர் உண்ணும் உணவையும் ஹலாலாக்கி வைப்பானாக! ஆமீன்.