ரயிலில் தூக்கம் வருமா?

எழும்பூரில் கொல்லம் மெயில் ஏறி, மறுநாள் காலை சிவகாசியில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து எம். புதுப்பட்டியில் பெரியம்மா வீட்டுக்குப் போன கோடை விடுமுறைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத எல்லாம் தானாக வந்தது. தடித்த அட்டையில் அச்சடித்த டிக்கெட், கூஜாவில் தண்ணீர், வாழையிலையில் கட்டிய புளியோதரை, மதுரையில் ஜன்னல் வழியாக வந்த மல்லிகை வாசம். விருதுநகர் தாண்டியதும் கரிசல் காடும் பனைமரமும். திருத்தங்கல் குன்றின் மேல் கோயிலைப் பார்த்து அம்மா கும்பிடுவாள். உடனே பெட்டிகளை இறக்கி வாசலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அடுத்தது சிவகாசி.

எழுதியதில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. செங்கல்பட்டு தாண்டி ஜன்னலில் தலையை நீட்டியபோது என் கண்ணில் கரித்தூள் விழுந்தது, அம்மா முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதிச் சூடாக்கி ஒற்றி எடுத்தாள் என்று எழுதியிருந்தேன். அந்தச் சூடு இமையில் இன்னும் இருக்கிறது என்று சத்தியம் செய்திருப்பேன். ஆனால் நான் போனதெல்லாம் 1980களில். தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் அந்த மீட்டர் கேஜ் பாதை 1960களிலேயே மின்மயமாகிவிட்டது. எங்கள் மெயிலை விழுப்புரம் வரை இழுத்தது மின்சார எஞ்சின். அங்கே அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். அந்த இடிப்பில் மேல் பெர்த்தில் இருந்த நான் விழித்துக்கொள்வது வழக்கம். செங்கல்பட்டில் என் கண்ணில் விழக் கரி ஏது?

யோசித்துப் பார்த்தால் அது அம்மாவின் கரி. கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தபோது கண்ணில் விழுந்ததாக அவள் ஒவ்வொரு பயணத்திலும் சொல்வாள். முந்தானையைச் சுருட்டி ஊதியது அவளுடைய மாமியார். கேட்டுக் கேட்டு அந்தக் கண்ணை நான் எனதாக்கிக்கொண்டேன். ஏழு கோடைகளும் என்னிடம் ஒரே பயணமாக ஒட்டிப்போயிருந்தன. ஒட்டும்போது பக்கத்தில் கிடந்த அம்மாவின் பயணமும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது.

அந்த வரியை அடித்துவிட்டேன். மற்றதும் இப்படித்தானோ என்று பயம் வந்தது. பெரியம்மா மகளுக்குப் போன் செய்தேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். இப்போது பேரன் எடுத்துவிட்டாள். கட்டுரையை வாசித்துக் காட்டினேன். பஸ்ஸை விட்டு இறங்கி நாங்கள் தெருவுக்குள் நுழையும்போது அக்கா வாசலில் நின்று கையாட்டிக்கொண்டிருப்பாள் என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள்.

"நான் எப்படிடா வாசல்ல நின்னேன்? ஆபீசுக்குல்ல போயிருப்பேன்."

அந்தப் பக்கத்துப் பேச்சில் ஆபீஸ் என்றால் தீப்பெட்டித் தொழிற்சாலை, இல்லாவிட்டால் வெடித் தொழிற்சாலை. மேசையும் ஃபைலும் இருக்கிற இடத்தை யாரும் அப்படிச் சொல்வதில்லை. சிறுவனாக இருந்தபோது எனக்கு அது தெரியாது. அப்பா போவது போன்ற ஒரு ஆபீசுக்குத்தான் பன்னிரண்டு வயதில் அக்காவும் போகிறாள் என்று நினைத்து, சென்னையில் பள்ளித் தோழர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அவள் செய்தது குச்சி அடுக்குகிற வேலை. பள்ளம் பள்ளமாக வெட்டிய மெல்லிய மரச்சட்டத்தில் பள்ளத்துக்கு ஒரு குச்சி வைக்க வேண்டும். ஒரு சட்டம் நிறைந்தால் அதன்மேல் இன்னொன்று. சட்டங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கட்டாக இறுகிய பிறகுதான் குச்சி முனைகள் மருந்தில் தோயப் போகும். ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தாலும் மருந்து சமமாக ஏறாது. கணக்குப்பிள்ளை கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எத்தனை கட்டு தேறியதோ அத்தனைக்குத்தான் கூலி. சின்ன விரலுக்கு அந்த வேலை வேகமாக வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பெட்டி ஒட்ட வேண்டும். அதற்குக் கணக்கு குரோஸ், அதாவது 144 பெட்டி. பெரியம்மா வீட்டுத் திண்ணையில் நானும் பசையை விரலில் தொட்டு ஒட்டியிருக்கிறேன். ஒட்டியவரை விளையாட்டு. அலுத்ததும் எழுந்து போய்விடுவேன். அவள் எழுந்திருக்கவில்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை.

எங்களுக்கு விடுமுறை மே மாதத்தில். அங்கே மே மாதம் வெயில் காய்கிற மாதம். மழைக்காலத்தில் மருந்து முனை காய்வது தாமதமாகும், வேலை சுணங்கும். வெயில் காலத்தில் மளமளவென்று காயும், அடுத்த கட்டு உடனே வேண்டும். பக்கத்து வெடி ஆபீஸ்களிலும் தீபாவளிச் சரக்கு அப்போதே சேரத் தொடங்கியிருக்கும். பள்ளிக்கூடமும் இல்லாததால் அக்காவுக்கு நாள் முழுக்க வேலை கிடைக்கும். நான் ஓய்வெடுக்க ஊருக்குப் போன அதே வெயில்தான் அவளை வேலைக்குக் கூப்பிட்டது. ஏழு வருஷம் போய் வந்த எனக்கு இது அந்தப் போனில்தான் உறைத்தது.

தீப்பெட்டி, வெடி வேலைகளில் பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களை வைக்கக் கூடாது என்று 1986இல் சட்டம் வந்தது. குடும்பத்தார் வீட்டில் செய்கிற வேலைக்கு அது விலக்கு அளித்தது. திண்ணைப் பெட்டி திண்ணையிலேயே இருந்தது. சிவகாசிக் குழந்தைகளை முன்வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 டிசம்பரில். அதற்குள் அக்காவுக்குக் கல்யாணமாகிவிட்டது.

பேச்சுக்கிடையில் ஒரு பழைய கேள்வி நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு வருஷமும் இருட்டுகிற நேரத்தில் வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி என் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் அதைத்தான் முதலில் கேட்பாள்: "ரயில்ல தூக்கம் வருமாடா?" கடற்கரையைப் பற்றியோ விமான நிலையத்தைப் பற்றியோ கேட்டதே இல்லை. நான் வீறாப்பாக, தூங்கவே இல்லை, ராத்திரி முழுக்க ஜன்னல் பக்கம்தான் என்பேன். அவள் நம்பாத மாதிரி பார்ப்பாள்.

ஏன் அப்படிக் கேட்டாய் என்றேன்.

"படுக்க இடம் இருக்குன்னு சித்தி சொல்லுவாங்க. படுக்க இடம் குடுத்தும் தூங்காத பயலான்னு எனக்கு ஆச்சரியமா இருக்கும்" என்றாள். பிறகு ஆபீஸ் பஸ்ஸைப் பற்றிச் சொன்னாள். விடிவதற்கு வெகு நேரம் முன்னால் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். பெரியம்மா தூக்கத்தோடு தூக்கி நிறுத்தி, தூக்குவாளியைக் கையில் மாட்டி அனுப்புவாள். உட்கார இடம் கிடைக்காது. ஊர் ஊராக நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் பஸ்ஸில், நெருக்கி நிற்பதால் யாரும் விழ மாட்டார்கள். முன்னால் நிற்பவள் முதுகில் நெற்றியை வைத்தால் தூக்கம் வந்துவிடும். தார் ரோட்டை விட்டு மண் பாதைக்குத் திரும்பும்போது வண்டி குலுங்கும். அந்தக் குலுக்கலில் எல்லாரும் ஒன்றாக விழிப்பார்கள்.

ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும் ரயிலில் என் பெர்த்திலிருந்து தெரிந்ததைத்தான் இத்தனை வருஷம் பயணம் என்று வைத்திருந்தேன். நாங்கள் மதுரை தாண்டி வந்துகொண்டிருந்த அந்த விடியல்களில் அந்த பஸ்ஸும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒரு தடவைகூட எங்கள் வீட்டுக்கு ரயிலேறி வந்ததில்லை. வரச்சொல்லி நாங்கள் கூப்பிட்ட நினைவும் எனக்கு இல்லை. இதைக் கேட்டபோது மட்டும் அக்கா பதில் சொல்லவில்லை.

அந்த மீட்டர் கேஜ் பாதை இப்போது இல்லை. அதே தடத்தில் அகலப்பாதை போட்டு, எழும்பூரிலிருந்து செங்கோட்டைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் சிவகாசி வழியாக ஓடுகிறது. போன மாதம் அதில் அக்காவுக்கு லோயர் பெர்த் எடுத்துக் கொடுத்தேன். தாம்பரத்தில் காலையில் அழைக்கப் போனபோது கண் சிவந்திருந்தது.

"தூங்கலையா அக்கா?"

"ஜன்னலைப் பாத்துக்கிட்டே வந்துட்டேன்டா" என்றாள்.